நல்ல வாஷரின் படம் மட்டும் இருக்கும்போது குறையைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் சிறிய பிரஸ் ஷாப் வைத்திருக்கிறோம். எம்12 வாஷர் அடிக்கிறோம். நல்ல வாஷரை எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், குறையுள்ளது கையில் நாலைந்துதான் இருக்கிறது. இதை வைத்துக் கொண்டு என்ன செய்ய முடியும்?

ஆட்டோஎன்கோடர் என்பது இரண்டு பாதிகள் கொண்ட ஒரு நியூரல் நெட்வொர்க். முதல் பாதி படத்தை மிகச் சில எண்களாகச் சுருக்குகிறது. இரண்டாம் பாதி அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை மீண்டும் வரைகிறது. நல்ல வாஷர்களை மட்டுமே காட்டிப் பழக்கினால், அந்தச் சில எண்களில் நல்ல வாஷரின் தோற்றத்தைத் தவிர வேறெதற்கும் இடம் இருக்காது. பிறகு விரிசல் விழுந்த வாஷர் ஒன்றைக் கொடுத்தால், அதைத் தனக்குத் தெரிந்த நல்ல வாஷராகவே வரைந்து தரும். உள்ளே போன படத்தையும் வெளியே வந்த படத்தையும் கழித்துப் பார்த்தால் விரிசல் இருந்த இடம் மட்டும் மிஞ்ச வேண்டும்.

வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். நடைமுறையில் இரண்டு விதமாக இது பிசகும். நெட்வொர்க்குக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டால் விரிசலையும் சேர்த்து அப்படியே வரைந்துவிடும். இடத்தை மிகவும் குறுக்கிவிட்டால் நல்ல வாஷரின் ஓரங்களைக்கூட மங்கலாக வரைந்து, எல்லாவற்றையும் குறை என்று சொல்லும். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதைப் பற்றியதுதான். எல்லா இடத்திலும் உங்கள் வாஷரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: வெளிவிட்டம் 24 மில்லிமீட்டர், துளை 13 மில்லிமீட்டர்.

கேமரா எப்படி இருக்க வேண்டும்? போனில் எடுத்தால் போதாதா?

போன் வேண்டாம். அது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் கூர்மையையும் தானே மாற்றிக்கொள்ளும். இங்கே நமக்கு வேண்டியது, ஒரே வாஷரை நூறு முறை எடுத்தாலும் நூறு படங்களும் ஒன்றுபோல் இருப்பது. 1280×1024 பிக்சல் கொண்ட சாதாரண கறுப்பு வெள்ளை தொழிற்சாலைக் கேமரா ஒன்று போதும். எக்ஸ்போஷர், கெயின் இரண்டையும் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டு நிலையாக வையுங்கள்.

அகலவாக்கில் 40 மில்லிமீட்டர் தெரியும்படி கேமராவைப் பொருத்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 32 பிக்சல் கிடைக்கும். நீங்கள் பிடிக்க நினைக்கும் மிகச் சிறிய குறை 0.2 மில்லிமீட்டர் என்றால் அது ஆறு பிக்சல் அளவுக்குத் தெரியும். இதே படத்தை, இணையத்தில் கிடைக்கும் பல உதாரண நிரல்கள் செய்வதுபோல் 256 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், அந்தக் குறை ஒரு பிக்சலைச் சற்றுத் தாண்டும் அளவுக்குத் தேய்ந்துவிடும். அதன் பிறகு எந்த நெட்வொர்க்காலும் அதை மீட்க முடியாது. ஆகவே படத்தைச் சுருக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு, கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் விளக்கு நல்லது. எண்ணெய் படிந்த இரும்பின் பளபளப்பை அது அடக்கும். கேமராவையும் விளக்கையும் சேர்த்து ஒரு தகரப் பெட்டிக்குள் மூடிவிடுங்கள். கிழக்கே கடல் திறந்து கிடக்கும் நம் பகுதியில், காலை ஷிஃப்ட்டில் ஷட்டர் வழியாக வெயில் நேராக உள்ளே வரும். மூடாமல் விட்டால் காலையில் ஒரு வாஷர், மாலையில் வேறொரு வாஷர் என்றே நெட்வொர்க்குக்குத் தோன்றும். அடியில் பளபளப்பில்லாத கறுப்பு விரிப்பு இருக்கட்டும்.

வாஷர் கன்வேயரில் எப்படி வேண்டுமானாலும் திரும்பி வருகிறது. படத்தின் நடுவிலும் இருப்பதில்லை. இது பிரச்சினையா?

நெட்வொர்க்கின் சுருக்கத்தில் உள்ள இடத்தை, வாஷர் எங்கே இருக்கிறது என்று நினைவு வைப்பதில் வீணாக்கக் கூடாது. வாஷர் வட்டமாக இருப்பது நமக்கு வசதி. அதன் மையத்தைக் கண்டுபிடித்து, வளையத்தை வெட்டி நீட்டிய நாடாபோல் விரித்துவிடலாம். இந்த அளவுகளில் துளையின் விளிம்பு மையத்திலிருந்து 208 பிக்சலிலும், வெளி விளிம்பு 384 பிக்சலிலும் விழும். இரு பக்கமும் எட்டு பிக்சல் கூடுதலாக விட்டு 200 முதல் 392 வரை எடுத்தால், 192 பிக்சல் அகலமும் 1920 பிக்சல் நீளமும் கொண்ட நாடா கிடைக்கும்.

```python
s = cv2.warpPolar(img, (392, 1920), (cx, cy), 392,
                  cv2.WARP_POLAR_LINEAR)
s = s[:, 200:392].astype("float32") / 255
```

இதில் கவனமாக இருக்க வேண்டியது மையம். வாஷரைச் சூழும் மிகச் சிறிய வட்டத்தைக் கொண்டு மையம் கண்டால், ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலே வட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். நாடாவில் விளிம்பு அலைபோல் வளைந்து, குறையில்லாத பக்கமும் குறையாகத் தெரியும். வெளிக்கோட்டை நிரப்பி, அந்தப் பரப்பின் நிறைமையத்தை எடுப்பது நிலையானது, ஏனென்றால் சிறு பிசிறின் பரப்பு மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சரிபார்ப்பது எளிது: நாடாவில் வெளி விளிம்பு நேர்கோடாக இருக்க வேண்டும். மூன்று நான்கு பிக்சலுக்கு மேல் ஊசலாடினால் மையமோ கேமராவின் சாய்வோ சரியில்லை.

நெட்வொர்க் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

சிறியது. நாடாவிலிருந்து எந்தக் கோணத்திலாவது தொடங்கி 192×192 துண்டுகளாக வெட்டிப் பழக்குங்கள். ஒரு துண்டில் 36,864 பிக்சல் உண்டு. கீழே உள்ள நெட்வொர்க் அதை 12×12 கட்டமாகக் குறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்களை மட்டும் வைக்கிறது. மொத்தம் 576 எண்கள், அதாவது 64 மடங்கு சுருக்கம்.

```python
def down(i, o):
    return nn.Sequential(nn.Conv2d(i, o, 4, 2, 1), nn.ReLU())

def up(i, o):
    return nn.Sequential(nn.ConvTranspose2d(i, o, 4, 2, 1), nn.ReLU())

model = nn.Sequential(
    down(1, 32), down(32, 64), down(64, 128), down(128, 128),
    nn.Conv2d(128, 4, 1),
    nn.Conv2d(4, 128, 1), nn.ReLU(),
    up(128, 128), up(128, 64), up(64, 32),
    nn.ConvTranspose2d(32, 1, 4, 2, 1), nn.Sigmoid())
```

நடுவில் இருக்கும் அந்த 4 என்ற எண்ணைத்தான் நீங்கள் மாற்றிப் பார்க்க வேண்டும். அதை 64 ஆக்கினால் சுருக்கம் வெறும் நான்கு மடங்காகிவிடும். அப்போது நெட்வொர்க் எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, வந்ததை நகலெடுத்தாலே போதும். மருத்துவப் படங்களில் புகழ்பெற்ற யூ-நெட் அமைப்பை இங்கே கொண்டு வர வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்: அதில் முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குக் குறுக்குவழிகள் உண்டு, விரிசல் அந்த வழியாக நேரே தப்பிவிடும்.

நகலெடுக்கிறதா என்று பார்க்க ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. நல்ல வாஷரின் நாடாவில் ஐந்து பிக்சல் தடிமனில் ஒரு கறுப்புக் கோட்டை வரைந்து உள்ளே அனுப்புங்கள். வெளியே வரும் படத்தில் கோடு தெளிவாக இருந்தால் நடு எண்ணைக் குறையுங்கள். கோடு மறைந்து, ஆனால் வாஷரின் விளிம்புகள் ஐந்தாறு பிக்சல் அகலத்துக்குக் குழம்பி வந்தால் கூட்டுங்கள். பழக்கும்போது இழப்பு, அதாவது உள்ளே போன படத்துக்கும் வெளியே வந்த படத்துக்கும் உள்ள மொத்த வேறுபாடு, குறைந்துகொண்டே போவதைப் பார்த்து மகிழ்வதால் பயனில்லை. நன்றாக நகலெடுக்கும் நெட்வொர்க்கின் இழப்புதான் எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும்.

இந்த நெட்வொர்க் முழுவதும் கன்வல்யூஷன் அடுக்குகளால், அதாவது படத்தின் மேல் நகர்ந்துகொண்டே ஒவ்வொரு சிறு பகுதியாகப் பார்க்கும் அடுக்குகளால் ஆனது என்பதால், சோதிக்கும்போது துண்டு போடாமல் முழு நாடாவையும் ஒரே தடவையில் அனுப்பலாம். நாடாவின் தலையில் அதன் வாலிலிருந்து 96 வரிசைகளையும், வாலில் அதன் தலையிலிருந்து 96 வரிசைகளையும் ஒட்டி அனுப்பி, வெளியே வந்தபின் அவற்றை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் இருக்கும் குறை தவறிப்போகலாம்.

கழித்துப் பார்த்தேன். எல்லா நல்ல வாஷரிலும் உள் விளிம்பும் வெளி விளிம்பும் பளிச்சென்று தெரிகின்றன. இதில் விரிசலை எப்படித் தேடுவது?

ஆட்டோஎன்கோடரைப் பயன்படுத்துபவர்களில் பலர் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். விளிம்பில் பிரகாசம் சட்டென்று மாறுவதால், மீட்டு வரைந்த படம் அரைப் பிக்சல் தள்ளினாலே பெரிய வேறுபாடு வரும். வாஷரின் தட்டையான முகத்தில் வரும் ஒரு மெல்லிய கீறலின் வேறுபாடு அதைவிடச் சிறியது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் கீறல் தோற்றுவிடும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு இடத்தையும் அந்த இடத்தின் வழக்கத்தோடு ஒப்பிடுவது. பழக்கத்துக்குப் பயன்படுத்தாத நல்ல வாஷர்கள் சிலவற்றை எடுத்து, வேறுபாட்டுப் படங்களை உருவாக்கி, எந்த இடத்தில் சராசரியாக எவ்வளவு வேறுபாடு, எவ்வளவு திட்ட விலக்கம் என்று கணக்கிட வேண்டும். வாஷர் எந்தக் கோணத்திலும் திரும்பி வரக்கூடும் என்பதால் கோணத்துக்குப் பொருளில்லை. மையத்திலிருந்து உள்ள தூரம் மட்டுமே கணக்கு. நாடாவின் 192 நெடுவரிசைகளுக்கு 192 சராசரிகள், 192 விலக்கங்கள், அவ்வளவுதான். நாடாவாக விரித்ததன் உண்மையான பலன் இங்கேதான் கிடைக்கிறது.

```python
r = cv2.blur(np.abs(s - out), (5, 5))
z = (r - mu) / (sd + 0.002)
score = np.sort(z.ravel())[-30:].mean()
```

இதில் `s` உள்ளே போன நாடா, `out` நெட்வொர்க் வரைந்து தந்த நாடா. `mu`, `sd` இரண்டும் அந்த 192 சராசரிகளும் 192 விலக்கங்களும். முதல் வரி, 5×5 சதுரத்தில் சராசரி எடுத்துத் தனிப் பிக்சல் இரைச்சலை அமர்த்துகிறது. 0.002 என்ற சிறு எண், விலக்கம் பூஜ்யத்துக்கு அருகே போகும் கறுப்புப் பின்னணியில் தூசு பெரிய குறையாகிவிடாமல் தடுக்கிறது.

கடைசி வரியைக் கவனியுங்கள். மதிப்பெண்ணாக முழு நாடாவின் சராசரியை எடுக்கவில்லை. மிக அதிகமான 30 பிக்சல்களின் சராசரியை எடுக்கிறோம். நாடாவில் 3,68,640 பிக்சல் உண்டு. 6×6 பிக்சல் குறை அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முழுச் சராசரியில் அது இருந்த இடமே தெரியாது.

குறையுள்ள வாஷரே இல்லாமல் வரம்பை எங்கே வைப்பது?

நல்ல வாஷர்களின் மதிப்பெண்களைக் கொண்டுதான். ஆனால் எந்த நல்ல வாஷர்கள் என்பது முக்கியம். 900 வாஷர்களைப் படம் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 600 பழக்கத்துக்கு, 300 வரம்புக்கு என்று பிரிக்கும்போது கலைத்துப் பிரிக்காதீர்கள், நாள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே காயிலில் ஐந்து நிமிட இடைவெளியில் அடித்த இரண்டு வாஷர்கள் இரட்டையர்கள். ஒன்று பழக்கத்திலும் மற்றொன்று சோதனையிலும் இருந்தால், வரம்பு பொய்யாகக் குறைவாக வரும், அடுத்த வாரம் புதுக் காயில் ஏறியதும் எல்லாம் ரிஜெக்ட் ஆகும். அளவுகோலுக்கான `mu`, `sd` கணக்குக்கும் தனியாக ஒரு நாளின் வாஷர்களை ஒதுக்குவது நல்லது.

அந்த 300 நல்ல வாஷர்களில் எதுவும் தாண்டாதபடி வரம்பை வைத்தால், நல்லதைத் தள்ளும் பிழையே இல்லை என்று அர்த்தமல்ல. முந்நூறில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், உண்மையான பிழைவீதம் நூற்றுக்கு ஒன்றுக்குள் இருக்கும் என்றுதான், அதுவும் 95 விழுக்காடு நம்பிக்கையோடு, சொல்ல முடியும். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை கிடைக்கும். வரம்பை அதே 300-ஐப் பார்த்தே வைத்ததால், இந்தக் கணக்கை இன்னொரு நாளின் 300 வாஷர்களைக் கொண்டு சரிபார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஒரு நாளைக்கு 6,000 வாஷர் அடிப்பவருக்கு நூற்றுக்கு ஒன்று என்பது 60 வாஷர். ஆகவே இயந்திரம் தள்ளியதை நேரே ஸ்கிராப்பில் போடாமல், ஒரு தட்டில் சேர்த்து ஒருவர் கண்ணால் பார்க்கும்படி வையுங்கள். ஆறாயிரத்தைப் பார்ப்பதைவிட அறுபதைப் பார்ப்பது எளிது. அந்த அறுபதை அவர் அலுப்பில்லாமல் பார்ப்பார்.

நல்லது என்று எடுத்த படங்களுக்குள்ளேயே ஒன்றிரண்டு கெட்டது இருந்துவிட்டால்?

இருக்கத்தான் செய்யும். அறுநூறில் ஒன்றிரண்டு என்றால் நெட்வொர்க் அதைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு அது அடிக்கடி வராது. பழக்கி முடித்ததும் பழக்கப் படங்களையே மதிப்பெண் வாரியாக அடுக்கி, மேலே உள்ள ஐம்பதைக் கண்ணால் பாருங்கள். கெட்டவை அங்கேதான் இருக்கும். நீக்கிவிட்டு மறுபடி பழக்குங்கள். வரம்பு வைக்கும் 300-இல் ஒரு கெட்டது இருந்தால்தான் ஆபத்து: அந்த ஒரே வாஷர் வரம்பை வானத்துக்குத் தூக்கிவிடும்.

கடல் காற்றில் வாஷர் இரண்டு நாளிலேயே லேசாகத் துருப்பிடிக்கிறது. அது குறையா, இல்லையா?

அதை நெட்வொர்க் முடிவு செய்யாது. வாங்குபவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த கட்டத்தில் முலாம் பூசுவதற்கு முன் அமிலத்தில் கழுவப்போகிறார்கள் என்றால் லேசான துரு பொருட்டில்லை. அப்போது அப்படிப்பட்ட வாஷர்கள் பழக்கப் படங்களில் தாராளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலம் தொடங்கியதும் பாதி உற்பத்தி தட்டில் வந்து நிற்கும். துரு கூடாது என்றால் துருவில்லாத வாஷர்களை மட்டுமே காட்டுங்கள், பிரஸ்ஸிலிருந்து விழுந்த உடனே படம் எடுங்கள்.

இதே சிக்கல் டையிலும் உண்டு. சாணை பிடித்த புது டையில் வெட்டிய ஓரம் ஒரு மாதிரி இருக்கும். தேயத் தேயப் பிசிறு மெல்ல ஏறும். சாணை பிடித்த வாரத்தில் மட்டும் படம் எடுத்திருந்தால், இன்னும் ஏற்கத்தக்க நிலையில் இருக்கும் வாஷர்களையும் நெட்வொர்க் தள்ளும். ஒரு சாணைக்கும் அடுத்த சாணைக்கும் இடைப்பட்ட காலம் முழுவதிலிருந்தும் படங்கள் வேண்டும், ஏற்கலாம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் கடைசி நாள் வரை.

முதல் மாதம் நன்றாக ஓடியது. இப்போது ரிஜெக்ட் ஏறிக்கொண்டே போகிறது. வாஷர் கெட்டுவிட்டதா, கேமரா கெட்டுவிட்டதா?

அன்றன்றைக்கு எல்லா வாஷர்களின் மதிப்பெண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதைக் குறித்து வையுங்கள். நடு மதிப்பெண் மாறாமல், மேலே உள்ள சிலது மட்டும் ஏறினால் வாஷரைப் பாருங்கள். டையில் எங்கோ சில்லு உடைந்திருக்கலாம். நடு மதிப்பெண்ணே ஏறினால் கேமராவை முதலில் பாருங்கள். பிரஸ் ஷாப்பில் லென்ஸின் மேல் எண்ணெய்த் துளி படிவதும், பிரஸ்ஸின் அதிர்வில் கேமராவின் திருகு தளர்வதும்தான் வழக்கமான காரணங்கள். படத்தின் மூலையில் ஒரு சாம்பல் நிற அட்டைத் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிட்டால், அதன் பிரகாசம் இறங்குவதிலிருந்தே விளக்கு மங்குவதைக் கண்டுகொள்ளலாம்.

இது உண்மையில் பிடிக்கிறதா என்று வாங்குபவர் கேட்கிறார். எப்படிக் காட்டுவது?

வரைந்த கறுப்புக் கோடுகளைக் காட்டி அவரை நம்பவைக்க முடியாது, நம்பவும் கூடாது. ரிஜெக்ட் டப்பாவிலிருந்து விரிசல், பிசிறு, நசுங்கல், அரைகுறையாக வெட்டியது என்று வகைக்குச் சில சேகரியுங்கள். இருபது முப்பது சேர்ந்தாலே தொடங்கலாம். அவற்றைப் பழக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், அவற்றைப் பார்த்துப் பார்த்து வரம்பை நகர்த்தவும் செய்யாதீர்கள். எந்த வகை பிடிபடுகிறது, எது பிடிபடவில்லை என்று வகைவாரியாக எழுதிக் கொடுங்கள். முப்பதை வைத்து மொத்தமாக இத்தனை விழுக்காடு என்று சொல்வதைவிட அதுவே அவருக்குப் பயன்படும்.

முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு 2019-இல் வெளியான எம்விடெக் ஏடி படத்தொகுப்பு இருக்கிறது. அதில் 15 வகைப் பொருள்களும் பரப்புகளும் உண்டு. பழக்கத்துக்கு 3,629 நல்ல படங்கள் மட்டும், சோதனைக்கு நல்லதும் கெட்டதுமாக 1,725. நட்டு, திருகு போன்றவை இருப்பதால் உங்களுக்கு நெருக்கமானதுதான், ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை.

ஆட்டோஎன்கோடரைவிட நல்ல முறை வந்துவிட்டது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். பேட்ச்கோர் போன்ற முறைகள், லட்சக்கணக்கான பொதுப் படங்களில் முன்பே பழகிய நெட்வொர்க் ஒன்றைக் கொண்டு, ஒவ்வொரு சிறு பகுதியையும் நல்ல படங்களின் பகுதிகளோடு ஒப்பிடுகின்றன. மேற்சொன்ன தொகுப்பில் அவை சாதாரண ஆட்டோஎன்கோடரைத் தெளிவாக முந்துகின்றன. மரம், தோல் போன்று ஒவ்வொன்றும் வேறுவேறாக இருக்கும் பரப்புகளுக்கு நானும் அதையே எடுப்பேன். உங்கள் வாஷர் போன்று ஒழுங்கான பொருளுக்கு, எதிர்த் திசையில் ஒரு யோசனை சொல்வேன்: நெட்வொர்க்கே இல்லாமல், விரித்த நாடாவின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சராசரிப் பிரகாசத்தை மட்டும் கழித்து, மேலே சொன்ன அதே மதிப்பெண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரை நாள் வேலை. ரிஜெக்ட் டப்பாவில் உள்ளவை அதிலேயே பிடிபட்டால் ஆட்டோஎன்கோடர் தேவையில்லை.

துளை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் இது சொல்லுமா?

சொல்லாது. அது இந்தப் படத்தில் ஒன்றரைப் பிக்சல். விட்டத்தில் வரும் அந்த மாற்றம் ஒவ்வொரு பக்கமும் முக்கால் பிக்சல்தான். விளிம்பில் நாம் பொறுத்துக்கொள்ளும் வழக்கமான வேறுபாட்டுக்குள் அது மறைந்துவிடும். அளவுக் குறைக்கு அளப்பதே வழி: கேஜ் போட்டுப் பாருங்கள், அல்லது பின்னாலிருந்து ஒளி கொடுத்து விளிம்பை நேரடியாக அளக்கும் தனிக் கேமரா வையுங்கள். அதேபோல் வாஷரின் மறுபக்கமும் இந்தக் கேமராவுக்குத் தெரியாது. பிசிறு பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் எழும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வாஷர் வந்து விழ வேண்டும், அல்லது புரட்டிவிட்டு இரண்டாம் முறை படம் எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நெட்வொர்க்கைப் பழக்காதீர்கள். வெட்டும்போது ஒரு பக்கத்து ஓரம் உருண்டும் மறுபக்கத்து ஓரம் கூராகவும் வருவதால், இரண்டையும் நல்லது என்று கற்றுக்கொண்ட நெட்வொர்க் பிசிறை மன்னித்துவிடும்.